இரும்புக் கேட்டைத் தூணில் மாட்டுதல்: கீல், தாழ்ப்பாள், தடையற்ற அசைவு

பினாங்கு குளுகோரில் உள்ள என் அக்கா வீட்டுச் சிறிய கேட் ஒரு நாள் பூட்டிக்கொள்ள மறுத்தது. தாழ்ப்பாள் தண்டு, தூணில் இருக்கும் துளைக்கு நேராக வராமல் கீழே இறங்கி நின்றது. அழைத்து வந்த வெல்டிங்காரர் துளையின் கீழ் விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்து வழி செய்து கொடுத்துவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்து அதே சிக்கல் மீண்டும் வந்தபோது மறுபடியும் தேய்க்கப்பட்டது. மூன்றாவது முறை நான் போய்ப் பார்த்தேன். துளை நீண்டு, தகடு விளிம்பில் ஏறக்குறைய கிழியும் நிலையில் இருந்தது. கேட் இறங்கியதற்கான காரணம் தாழ்ப்பாள் பக்கத்தில் இல்லவே இல்லை. அது எதிர்ப்பக்கத்தில், கீலிலும் தூணிலும் இருந்தது.

கேட்டில் தோன்றும் குறைகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று, கேட்டின் நுனி தொங்குவது. மற்றொன்று, விட்ட இடத்தில் நிற்காமல் கேட் தானாகவே ஓடுவது. முதலாவது, கேட்டுக்கும் கீலுக்கும் உள்ள உறவில் ஏற்படும் பிழை. இரண்டாவது, கீல்களின் அச்சு செங்குத்தாக இல்லாததால் வரும் பிழை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது. புதிதாகக் கேட் மாட்டுகிறவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்பது தானாகவே விளங்கும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே கேட்டை எடுத்துக்கொள்கிறேன்: 1,200 மி.மீ. அகலம், 1,500 மி.மீ. உயரம், ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் (38 மி.மீ.) செய்த சட்டம், எடை 24 கிலோ. மொட்டைமாடி இல்லாத ஒற்றை மாடித் தொடர்வீடுகளில் கார் நிறுத்தும் பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் நுழைவதற்கென்று வைக்கும் கேட் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். உங்கள் கேட்டின் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் முறை மாறாது.

கீலின் மீது விழும் இழுவை

கேட்டின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 600 மி.மீ. தொலைவில், கீழ்நோக்கி இழுக்கிறது. இதனால் கேட் முழுவதும் நுனிப் பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கிறது. அதைத் தடுக்க மேல் கீல் கேட்டைத் தூணை நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. கீழ்க் கீல் தூணிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. இரண்டு கீல்களுக்கும் இடையே 1,200 மி.மீ. இருந்தால், மேல் கீலின் மீது விழும் கிடைமட்ட இழுவை 24 × 600 ÷ 1,200, அதாவது 12 கிலோ. அதே கீல்களை 600 மி.மீ. இடைவெளியில் நெருக்கி வைத்தால் இழுவை 24 கிலோவாகிவிடும். ஆகவே மேல் கீலைச் சட்டத்தின் மேல் முனையிலிருந்து 150 மி.மீ. கீழேயும், கீழ்க் கீலை அடி முனையிலிருந்து 150 மி.மீ. மேலேயும் வைப்பது நல்லது.

25 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை நுனியில் ஏறி நின்று ஊஞ்சலாடினால், மேல் கீலின் இழுவை 12 கிலோவிலிருந்து 37 கிலோவுக்கு உயர்ந்துவிடும். நின்றபடி குதித்தால் அதைவிடக் கூடும். கேட் கெடுவதற்கு மழையும் துருவும் மட்டும் காரணமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எந்தக் கீலைத் தேர்ந்தெடுப்பது

நம் ஊரில் பெரும்பாலும் உருளைக் கீலைத் தூணுக்கும் சட்டத்துக்கும் நேரடியாக வெல்டு வைத்துவிடுவார்கள். அது உறுதியானதுதான், ஆனால் தூண் ஓர் இழை சாய்ந்தாலும் அறுத்து எடுத்து மறுபடியும் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் பரிந்துரைப்பது, தூணில் எல் வடிவ முளையும், கேட்டில் மரையுள்ள வளைய போல்ட்டும் கொண்ட கீல். போல்ட்டின் தலையில் இருக்கும் வளையம் முளையின் மீது மாட்டிக்கொள்ளும். போல்ட்டின் தண்டு கேட்டின் சட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். சட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு நட் இருக்கும். இந்த நட்டுகளைத் திருப்பினால் சட்டம் தூணை நெருங்கும் அல்லது விலகும். ஹார்ட்வேர் கடையில் துத்தநாகம் பூசியதைக் கேட்டு வாங்குங்கள். ஜெலுத்தோங், குளுகோர் போன்ற கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் வெறும் இரும்பு போல்ட்டின் மரையை உப்புக் காற்று விரைவில் தின்றுவிடும். இந்த எடைக்கு 16 மி.மீ. தடிமன் போதும்.

ஒரு முன்னேற்பாட்டை மறந்துவிடக் கூடாது. கேட்டின் சட்டம் உள்ளே வெற்றிடமான குழாய். அதில் துளை போட்டு போல்ட்டை நுழைத்து இரு பக்கமும் நட்டை முடுக்கினால், மெல்லிய சுவர் உள்ளே அமுங்கும். அமுங்க அமுங்க நட் தளரும். ஆகவே போல்ட் நுழையும் அளவுள்ள குழாய்த் துண்டு ஒன்றைச் சட்டத்தின் தடிமனுக்குச் சரியாக, 38 மி.மீ. நீளத்தில் வெட்டி, துளைக்குள் குறுக்காக வைத்து இரு முனைகளிலும் வெல்டு வையுங்கள். அப்போது நட்டின் அழுத்தத்தை அந்தத் துண்டு தாங்கிக்கொள்ளும். கேட் செய்யும் பட்டறையிலேயே இதைச் சொல்லிச் செய்துகொள்வது எளிது. வண்ணம் அடித்த பிறகு செய்தால் பூச்சு கருகிவிடும்.

அளவெடுத்தல்

தூண்களுக்கு இடையே எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கேட்டின் அகலத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. முளையின் மையத்திலிருந்து கேட்டின் சட்டம் வரை 40 மி.மீ. விடுங்கள். வளையத்தின் பாதி, ஒரு நட், ஒரு வாஷர் ஆகியவை ஏறக்குறைய 31 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும், மீதமுள்ள 9 மி.மீ. பிற்காலத்தில் சரிசெய்வதற்கான இடம். முளையின் மையத்திலிருந்து தூண் வரை 30 மி.மீ. விடுங்கள். இது ஏன் என்றால், கேட்டைச் செங்கோணமாகத் திறக்கும்போது அதன் தடிமனில் பாதி, அதாவது 19 மி.மீ., தூணை நோக்கித் திரும்பி வரும். மையம் தூணுக்கு மிக அருகில் இருந்தால், முக்கால்வாசி திறந்ததும் சட்டத்தின் மூலை தூணில் முட்டி நிற்கும். அப்போது யாரேனும் வேகமாகத் தள்ளினால் கேட்டே ஒரு நெம்புகோலாகி முளையைத் தூணிலிருந்து பிடுங்கப் பார்க்கும். 30 மி.மீ. இருந்தால் செங்கோணத்தைத் தாண்டிச் சற்றுக் கூடுதலாகவும் திறக்கலாம்.

தாழ்ப்பாள் பக்கம் 15 மி.மீ. இடைவெளி போதும். இரும்பு வெயிலில் விரியும் என்று சிலர் அதிகம் விடுவதுண்டு. 1,200 மி.மீ. நீள இரும்பு, வெப்பம் 40 பாகை உயர்ந்தாலும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் விரியும். அந்தப் பயம் தேவையில்லை. ஆக, தூண்களின் உட்பக்கங்களுக்கு இடையே வேண்டியது 30 + 40 + 1,200 + 15, மொத்தம் 1,285 மி.மீ. இந்த நீளத்தில் ஒரு சட்டத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தூண் நடும்போது அடியிலும் நுனியிலும் அதை வைத்துப் பார்த்தால் அளவுநாடா தேவைப்படாது.

அடுத்தது தரை. தொடர்வீடுகளின் முன்தளம் மழைநீர் வடிவதற்காகச் சாலையோரக் கால்வாயை நோக்கிச் சரிந்திருக்கும். கேட் உட்பக்கம் திறப்பதால், திறக்கத் திறக்க அது மேட்டை நோக்கிப் போகும். மூடிய நிலையில் தரையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு மாட்டிய கேட், பாதி திறந்ததும் சிமெண்டில் உரசி நிற்பது இதனால்தான். ஒரு கயிற்றைக் கீல் வரும் இடத்தில் பிடித்து, 1,200 மி.மீ. நீளத்தில் சாக்கட்டியைக் கட்டி, கேட் செல்லும் வில்லைத் தரையில் வரையுங்கள். அந்தப் பரப்பில் மிக உயர்ந்த இடம் எது என்று ரசமட்டத்தால் கண்டுபிடியுங்கள். மூடிய இடத்தைவிட அது 35 மி.மீ. உயரம் என்றால், அங்கே 25 மி.மீ. இடைவெளி இருக்கும்படி, மூடிய நிலையில் 60 மி.மீ. விட வேண்டும். பூனை நுழையும் என்ற கவலை இருந்தால், அடியில் ஒரு ரப்பர் பட்டையைத் தொங்கவிடலாம். கேட்டை இறக்கி வைக்காதீர்கள்.

தூண்

பழைய செங்கல் தூணில் மாட்டுகிறவர்கள், விளிம்பிலிருந்து நன்கு உள்ளே தள்ளி, ரசாயனப் பசை ஊற்றிய ஆணிப்போல்ட்டுகளால் ஒரு தடித்த தகட்டைப் பொருத்தி, அதில் முளையை வெல்டு வைத்துக்கொள்ளலாம். விரியும் ஆணிப்போல்ட்டைச் செங்கல் விளிம்பில் அடித்தால் செங்கல் பிளந்துவிடும். புதிய தூண் நடுவதாக இருந்தால், 100 மி.மீ. சதுரக் குழாய், 2,300 மி.மீ. நீளம், அதில் 600 மி.மீ. மண்ணுக்குள் போகட்டும். 300 மி.மீ. சதுரக் குழி போதும். சுவர் செங்குத்தாக இருக்கும்படி வெட்டுங்கள். மேலே அகன்று கீழே குறுகும் குழியில் ஊற்றிய கான்கிரீட், ஈர மண்ணில் மெல்ல அசைந்து கொடுக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் மழையில் இங்கே மண் எவ்வளவு இளகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கான்கிரீட் ஊற்றியவுடன் தூணின் இரண்டு அடுத்தடுத்த பக்கங்களிலும் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். ரசமட்டத்தைவிட நான் தூக்குக்குண்டை நம்புகிறேன். குழாயின் முகத்தில் இருக்கும் சிறு வளைவு அதை ஏமாற்றாது. இரண்டு திசையிலும் முட்டுக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் ஈரக் கான்கிரீட்டில் தூண் மெல்லச் சரியும். கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தூணிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாகத் தேய்த்துவிட்டால் தண்ணீர் தூணின் அடியில் தேங்காது. தூணின் தலையைத் தகட்டால் அடைத்துவிடுங்கள். பிறகு 7 நாள் காத்திருங்கள். நாளைக்கே விருந்தாளி வருகிறார் என்று மூன்றாம் நாள் கேட்டை மாட்டிய வீடுகளில்தான் தூண் சாய்ந்ததை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

முளைகளைப் பொருத்துதல்

இந்த வேலையிலேயே மிகுந்த கவனம் கேட்கும் இடம் இதுதான். இரண்டு முளைகளின் மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். தூண் செங்குத்தாக இருக்கிறது என்பதற்காக முளைகளும் அப்படியே அமைந்துவிடும் என்று எண்ணக் கூடாது.

தரையிலிருந்து 210 மி.மீ. உயரத்தில் கீழ் முளை வரும் (60 இடைவெளி, அதோடு சட்டத்தின் அடியிலிருந்து 150). அதற்கு 1,200 மி.மீ. மேலே, 1,410-இல் மேல் முளை வரும். கீழ் முளையை முதலில் இரண்டு புள்ளி வெல்டால் மட்டும் நிறுத்துங்கள். மேல் முளையையும் அப்படியே நிறுத்தி, அதன் மையத்திலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் கீழ் முளையின் மையத்தைத் தொடுகிறதா என்று முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சரிசெய்யுங்கள். புள்ளி வெல்டு அதற்கு இடம் கொடுக்கும். சரியான பிறகு முழு வெல்டையும் ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஓட்டாமல், மேலே சிறிது, கீழே சிறிது என்று மாறி மாறி வையுங்கள். சூடான வெல்டு குளிரும்போது சுருங்கி முளையைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால், ஒருபுறமாகவே வைத்தால் நீங்கள் பார்த்த செங்குத்து கெட்டுவிடும். முழுதும் குளிர்ந்ததும் தூக்குக்குண்டை மறுபடியும் பிடித்துப் பாருங்கள். துத்தநாகம் பூசிய இடத்தில் வெல்டு வைப்பதற்கு முன் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் புகை மூச்சுக்குக் கெடுதல் என்பதால் காற்றோட்டமான இடத்தில் நின்று வேலை செய்யுங்கள். வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு வண்ணத்தை அடித்து மூடுங்கள்.

உயரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கேட்டின் முழு எடையையும் கீழ் முளையே சுமக்க வேண்டும். மேல் முளையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. ஆகவே மேல் முளையில் வளையத்தைத் தாங்கும் தோளை, வளையம் உட்காரும் உயரத்தைவிட 3 மி.மீ. கீழே வையுங்கள். இரண்டு தோள்களும் எடையைச் சுமக்கும்படி வைத்தால், வளையங்களில் எது தாழ்ந்தாலும் கேட் முறுக்கிக்கொண்டு கடினமாகத் திரும்பும். காரணம் தெரியாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மாட்டுதல்

இரண்டு பேர் இருந்தால் வேலை எளிது. இரு வளைய போல்ட்டுகளையும் சட்டத்தில் நுழைத்து, வளையத்தின் மையம் சட்டத்திலிருந்து 40 மி.மீ. வரும்படி நட்டுகளை விரலால் திருகுங்கள். முளைகளில் கிரீஸ் பூசுங்கள். வெறும் எண்ணெய் முதல் மழையில் கழுவிப் போகும். கேட்டைத் தூக்கிக் கீழ் வளையத்தையும் மேல் வளையத்தையும் ஒருசேர முளைகளில் இறக்கி, நுனியின் அடியில் மரக்கட்டையும் ஆப்பும் வைத்து, மூடிய நிலையில் 60 மி.மீ. உயரத்துக்கு நிறுத்துங்கள். மேல் வளையத்துக்கு மேலே முளையில் துளையிட்டு ஒரு பிளவு ஊசியைச் செருகிவிட்டால், யாரும் கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாது. நட்டுகளை ஸ்பேனரால் முடுக்கி, ஆப்பை எடுத்துவிடுங்கள்.

இப்போது இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். முதலில், நுனியின் உயரத்தை அளந்து, கேட்டின் மேல் சட்டத்தில் ரசமட்டத்தை வையுங்கள். இது தொங்கலைக் காட்டும். பிறகு கேட்டை மூடிய நிலை, பாதி திறந்த நிலை, முழுதும் திறந்த நிலை ஆகிய மூன்றிலும் கையை விட்டுப் பாருங்கள். மூன்றிலும் நின்றால் அச்சு சரி. ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்றால், கடைசியில் எந்தத் திசையைக் காட்டி நிற்கிறதோ அந்தத் திசையில்தான் அச்சின் மேல்முனை சாய்ந்திருக்கிறது. தானாக மூடிக்கொண்டால் அச்சு தாழ்ப்பாள் தூணை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தானாக உள்ளே திறந்துகொண்டால் வீட்டை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நட்டைத் திருப்புவதால் இந்த ஓட்டம் மாறாது. முளையைத்தான் மாற்றி வைக்க வேண்டும். சிலர் கேட் தானாக மூடட்டும் என்று வேண்டுமென்றே சிறிது சாய்த்து வைப்பதுண்டு. சாமான் பைகளோடு நுழையும்போது கேட் முதுகில் இடிப்பதை அனுபவித்தவர்கள் அதை விரும்புவதில்லை.

அக்கா வீட்டுக் கேட்

குளுகோர் கேட்டுக்கு வருவோம். அளவும் எடையும் மேலே சொன்னவையே. அதில் வளைய போல்ட் கீல்கள்தான் இருந்தன, ஆனால் நட்டுகள் பல அடுக்குப் பெயிண்டுக்குள் புதைந்து, ஒரே கட்டியாகத் தெரிந்தன. அவை திருப்பக்கூடியவை என்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நுனி 12 மி.மீ. இறங்கியிருந்தது.

முதலில் கேட்டின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தேன். 1,200-க்கு 1,500 செவ்வகத்தில் ஒவ்வொன்றும் 1,921 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டும் அப்படியே இருந்தன. சட்டமே கோணல் ஆகி 12 மி.மீ. தொங்கியிருந்தால், ஒரு மூலைவிட்டம் மற்றதைவிடச் சுமார் 19 மி.மீ. நீளமாக இருந்திருக்கும். அப்படி இருந்தால் எங்கோ ஒரு மூலையில் வெல்டு விட்டிருக்கிறது என்று பொருள். கீலைத் தொடுவதில் பயனில்லை. இங்கே சட்டம் நன்றாக இருந்தது.

“கேட்டத் தெறந்து வெச்சா நிக்க மாட்டேங்குது தம்பி, தானா வந்து சாத்திக்குது” என்று அக்கா போகிறபோக்கில் சொன்னதுதான் வழி காட்டியது. மேல் முளையிலிருந்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தபோது, 1,200 மி.மீ. உயரத்தில் அச்சு 8 மி.மீ. தாழ்ப்பாள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீல்களின் இடைவெளியும் கேட்டின் அகலமும் இங்கே ஒன்றே என்பதால், 8 மி.மீ. சாய்வு நுனியை 8 மி.மீ. இறக்கும். மீதி 4 மி.மீ. எங்கே போனது என்று தேடி, நுனியைக் கையால் தூக்கி இறக்கியபோது மேல் வளையம் முளையில் ‘டக்’ என்று ஆடியது. கிரீஸ் காணாத வளையம் உட்புறம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

தூணைப் பெயர்த்து நடுவது பெரிய செலவு. சாய்வு மேலும் கூடவில்லை என்று தெரிந்தால் அதை விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்தோம். தேய்ந்த மேல் போல்ட்டை மாற்றியதில் 4 மி.மீ. தீர்ந்தது. மீதி 8 மி.மீ. நட்டுகளின் வேலை. நுனியை உயர்த்த, சட்டத்தின் மேல்பகுதி தூணை நெருங்க வேண்டும், கீழ்ப்பகுதி விலக வேண்டும். முழு 8 மி.மீட்டரையும் மேல் கீலிலேயே எடுத்தால் கேட் முழுவதும் தூண் பக்கம் நகர்ந்து, தாழ்ப்பாள் பக்க இடைவெளி கூடிவிடும். ஆகவே மேலே 4, கீழே 4 என்று பிரித்தேன். 16 மி.மீ. போல்ட்டில் வழக்கமான மரை ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. நகரும். ஆக, மேலே இரண்டு சுற்று, கீழே இரண்டு சுற்று.

நுனியின் அடியில் ஆப்பு வைத்து எடையைத் தாங்கிய பிறகே நட்டைத் தொட வேண்டும். பெயிண்டைக் கத்தியால் கீறி, கம்பித் தூரிகையால் மரையைத் துலக்கி, துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஒரு மணி நேரம் விட்டேன். மேல் கீலில், வளையத்துக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள நட்டை வளையத்தை நோக்கி இரண்டு சுற்று பின்னால் கொண்டுபோய், மறுபக்க நட்டை அது சட்டத்தை அழுத்தும்வரை முடுக்கினேன். கீழ்க் கீலில் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். நட்டின் ஒரு முகத்தில் வெள்ளைச் சாக்கால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுற்றுகளை எண்ணுவதில் தவறு வராது. மேலே 40 மி.மீ. 36 ஆனது, கீழே 44 ஆனது. ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வந்தது. கேட் இன்னும் தானாக மூடத்தான் செய்கிறது, ஏனென்றால் அச்சின் சாய்வை நான் மாற்றவில்லை. திறந்து நிறுத்துவதற்குச் சுவரில் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தேன்.

தாழ்ப்பாள்

தாழ்ப்பாளின் தூண் பக்கத் துண்டைக் கேட் மாட்டிய அன்றே வெல்டு வைக்க வேண்டாம். ஒரு வாரம் திறந்து மூடிப் புழங்கட்டும். புதிய நட்டுகளும் வளையங்களும் தங்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகு நுனியை மறுபடியும் மட்டம் பார்த்து, அதன்பின் துளையின் இடத்தைக் குறியுங்கள். தண்டின் முனையில் சிறிது கிரீஸும் சாக்குத் தூளும் தடவித் தகட்டில் குத்தினால் மையம் துல்லியமாகப் பதியும்.

தண்டு 16 மி.மீ. என்றால், துளை 20 மி.மீ. அகலமும் 26 மி.மீ. உயரமும் கொண்ட நீள்துளையாக இருக்கட்டும். நுனி காலப்போக்கில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலும் தண்டு போய்விடும். ஆனால் கேட்டின் எடையைத் தாழ்ப்பாள் ஒருபோதும் சுமக்கக் கூடாது. தண்டை இழுக்கும்போது கேட்டைக் காலால் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தால் அது தொங்கலின் அறிகுறி. நட்டிடம் போங்கள், கிரைண்டரை எடுக்காதீர்கள்.

மூடும் இடத்தில் கேட் நிற்பதற்குத் தாழ்ப்பாள் தூணில் ஒரு தனித் தடைத்தகடு வேண்டும். 40 மி.மீ. அகல இரும்புப் பட்டையைத் தூணின் வெளிப்பக்க விளிம்பில் செங்குத்தாக வெல்டு வைத்து, கேட் தொடும் முகத்தில் ரப்பர் ஒட்டுங்கள். அது இல்லாத வீட்டில், காற்றில் அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் கேட் மூடும் இடத்தைத் தாண்டிச் சாலைப் பக்கம் போய், நீட்டியிருக்கும் தாழ்ப்பாள் தண்டின் மீது மோதும். சில மாதங்களில் தண்டு வளைந்துவிடும். தடைத்தகடு ஒரே புள்ளியாக இல்லாமல், கேட்டின் மேலும் கீழும் ஒருசேரத் தொடும் அளவுக்கு நீளமாக இருந்தால், சாத்தும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளாது.

எல்லாம் முடிந்த பிறகு, சட்டத்தின் அடிக் குழாயில் இரு முனைகளிலும் 6 மி.மீ. துளை ஒவ்வொன்று போட்டுவிடுங்கள். மூடிய குழாய்க்குள் நுழைந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். பெயிண்ட் அடிக்கும்போது போல்ட்டின் மரையில் காகித ஒட்டுநாடாவைச் சுற்றி மூடி, பிறகு உரித்துவிட்டு, மரையின் மேல் கிரீஸ் தடவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முளைகளுக்குப் புதுக் கிரீஸ் போடும்போது, மேல் முளையிலிருந்து தூக்குக்குண்டை ஒரு தடவை தொங்கவிட்டு அளவைக் குறித்து வையுங்கள். அக்கா வீட்டில் அந்த எண்ணை மீட்டர் பெட்டியின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரியில் 8, ஆறு மாதத்துக்குப் பிறகு 8, ஓராண்டுக்குப் பிறகும் 8. அது 10 ஆகும் நாளில் தூணின் அடியைத் தோண்டிப் பார்ப்பதாக இருக்கிறோம்.